தாளில் 8.0, அளவுகோலில் 7.6: ஆர்எஃப் விடைகளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 7, இரவு 9.40

கிரேடு 10 பிள்ளைகள் பதினொரு பேர் என்னிடம் வேதியியல் ட்யூஷன் படிக்கிறார்கள். சென்ற வாரம் வண்ணப்பிரிகைப் பயிற்சித்தாள் ஒன்று கொடுத்தேன். தாளில் ஒரு வடிதாள் துண்டின் படம். கீழே பென்சில் அடிக்கோடு, மேலே கரைப்பான் ஏறி நின்ற கோடு, இடையில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பொட்டுகள். அளவுகோல் வைத்து அளந்து, ஒவ்வொரு பொட்டு ஏறிய தூரத்தையும் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்து ஆர்எஃப் மதிப்பு எழுத வேண்டும்.

விடைக்குறிப்பில் கரைப்பானுக்கு 8.0 செ.மீ., மஞ்சளுக்கு 6.0, சிவப்புக்கு 4.4, நீலத்துக்கு 2.0 என்று இருக்கிறது. மதிப்புகள் 0.75, 0.55, 0.25.

ஒரு பிள்ளைகூட 8.0 என்று எழுதவில்லை. ஏழு பேர் 7.6 எழுதியிருக்கிறார்கள். நானே அளந்து பார்த்தேன், எனக்கும் 7.6தான் வருகிறது. ஆனால் அந்த ஏழு பேருக்கும் இறுதி விடை சரியாக வந்திருக்கிறது. இன்னும் மூவர் தூரங்களை எழுதாமல் விடையை மட்டும் எழுதியிருக்கிறார்கள்:

ஜன்னலோரம் உட்காரும் பையன்: 0.78, 0.60, 0.34
இரட்டைச் சடைப் பெண்: 0.74, 0.53, 0.21
கடைசி வரிசைப் பையன்: 0.75, 0.50, 0.25

ஏழு பேரின் தூரங்களுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டுமா? இந்த மூவரும் எங்கே தவறினார்கள் என்று விடையை வைத்தே கண்டுபிடிக்க வழி உண்டா? வெறுமனே சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட எனக்கு மனமில்லை.

கத்ர்போர்ன் சரவணன் — மார்ச் 7, இரவு 10.15

நகல் எடுத்தபோது படம் சுருங்கியிருக்கும். அச்சுப்பொறியில் தாளுக்குள் அடங்குமாறு அமைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். கவலைப்படாதீர்கள். ஆர்எஃப் என்பது விகிதம். மேலேயும் கீழேயும் ஒரே தவறு இருந்தால் இரண்டும் அடிபட்டுப் போகும். ஏழு பேருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். மற்ற மூவரும் கவனக்குறைவாக அளந்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 7, இரவு 11.05

சரவணன் சொன்னது சரி. மூலத் தாளை எடுத்து அளந்தேன், அதில் 8.0 இருக்கிறது. நகலில் 7.6. அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மஞ்சள் 6.0 இருந்தது 5.7 ஆகியிருக்கிறது, நீலம் 2.0 இருந்தது 1.9. சிவப்பு 4.18 ஆக வேண்டும், அளவுகோலில் 4.2 என்று படிக்கிறோம். 4.2 ஐ 7.6 ஆல் வகுத்தால் 0.5526, அதுவும் 0.55தான். ஏழு பேருக்கும் தூரங்களுக்கும் சேர்த்து முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். தங்கள் கையில் இருந்த தாளை அவர்கள் சரியாக அளந்திருக்கிறார்கள்.

ஆனால் மற்ற மூவர் விஷயம் எனக்கு நெருடுகிறது. கவனக்குறைவு என்றால் ஒரு பொட்டு கூடும், இன்னொன்று குறையும். ஜன்னலோரப் பையனுக்கு மூன்றுமே கூடியிருக்கின்றன. சடைப் பெண்ணுக்கு மூன்றுமே குறைந்திருக்கின்றன.

தையல்காரி பார்வதி, குட்லண்ட்ஸ் — மார்ச் 8, காலை 6.30

வாணி, என் பேத்திக்கும் பள்ளியில் இதே பாடம்தான். அவள் அடிக்கோட்டைப் பேனாவால் போட்டிருக்கிறாள். தண்ணீர் ஏறியதும் கோடும் சேர்ந்து மேலே போய்த் தாள் முழுக்க நீலமாகிவிட்டது. உன் பிள்ளைகளும் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள், அதனால்தான் அளவு மாறுகிறது. பென்சிலால் போடச் சொல்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 8, காலை 7.10

பார்வதியம்மா, இது அச்சிட்ட படம். பிள்ளைகள் கோடு போடவில்லை, தண்ணீரும் தொடவில்லை, அளந்ததோடு சரி. ஆனால் பேத்திக்கு நீங்கள் சொன்னது மிகச் சரியான யோசனை. பென்சில் கரி கரையாது, அதனால் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீர் மட்டம் அடிக்கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பொட்டு தண்ணீரில் மூழ்கினால் சாயம் மேலே ஏறாமல் பாத்திரத்திலேயே கரைந்துவிடும்.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 8, மாலை 5.45

சர்க்கரை ஆலை ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தவன். சரவணன் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து.

எல்லாத் தூரங்களும் ஒரே மடங்கில் சுருங்கினால் விகிதம் மாறாது. ஆனால் எல்லாத் தூரங்களோடும் ஒரே அளவைக் கூட்டினாலோ கழித்தாலோ விகிதம் மாறிவிடும். 19 ஐ 76 ஆல் வகுத்தால் 0.25. இரண்டோடும் பத்துப் பத்து கூட்டினால் 29 ஐ 86 ஆல் வகுக்கிறோம், 0.34. தவறு மேலேயும் கீழேயும் ஒன்றுதான், ஆனால் அடிபடவில்லை.

வாணி அம்மா, பிள்ளைகளின் மதிப்புகளை 1 இலிருந்து கழித்துப் பாருங்கள். கிடைப்பதைச் சரியான விடைகளையும் 1 இலிருந்து கழித்து வருவதால் வகுத்துப் பாருங்கள். மூன்று பொட்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால், அந்தப் பிள்ளை எண்ணத் தொடங்கிய இடம் தவறு என்று பொருள். காரணம் எளிது. பொட்டிலிருந்து கரைப்பான் கோடு வரை உள்ள இடைவெளி, நீங்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்கினாலும் மாறாது. மொத்த நீளம்தான் மாறுகிறது.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 8, இரவு 8.20

ஐயா, போட்டுப் பார்த்தேன். ஜன்னலோரப் பையனுக்கு மிச்சம் 0.22, 0.40, 0.66. சரியான விடைக்கு மிச்சம் 0.25, 0.45, 0.75. வகுத்தால் 0.88, 0.89, 0.88. கையில் பேனாவோடு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விடையை மட்டும் எழுதிய தாள் இவ்வளவு பேசும் என்று நான் நினைக்கவில்லை.

அவன் அடிக்கோட்டிலிருந்து அளக்காமல் துண்டின் கீழ் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறான். இந்தத் தவற்றை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை செய்கிறது. நாளை அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 8, இரவு 8.50

சொல்வதற்கு முன் 76 ஐ 0.88 ஆல் வகுத்துப் பாருங்கள். அவன் எந்த நீளத்தை முழு நீளமாக எடுத்தான் என்று தெரியும்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 8, இரவு 9.15

86 மி.மீ. வருகிறது. 76 ஐக் கழித்தால் 10. ஆனால் தாளில் கீழ் விளிம்புக்கும் அடிக்கோட்டுக்கும் இடையே 14 மி.மீ. இருக்கிறது. விளிம்பிலிருந்து அளந்திருந்தால் மஞ்சள் 71 ஐ 90 ஆல் வகுத்து 0.79 ஆகியிருக்கும், நீலம் 33 ஐ 90 ஆல் வகுத்து 0.37 ஆகியிருக்கும். அவன் எழுதியது 0.78, 0.34. ஆக, விளிம்பு இல்லை. மேலே நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

பத்து மில்லிமீட்டர், மிகத் துல்லியமாக ஒரு சென்டிமீட்டர். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நாளை அவனுடைய அளவுகோலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 9, மாலை 6.30

அவன் அளவுகோலைக் கொண்டுவரச் சொன்னேன். மரத்தாலான பழைய கோல், அண்ணன் பயன்படுத்தியது. பூஜ்ஜியம் இருக்க வேண்டிய முனை தேய்ந்து உருண்டிருக்கிறது, முதல் நான்கைந்து கோடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. அதனால் அவன் 1 இல் வைத்து அளக்கிறான். அளக்கும் முறை நல்ல முறைதான், முனை தேய்ந்த கோலில் நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் படித்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கீழ் விளிம்பிலிருந்து அளந்தாய் என்று நேற்றே நான் சொல்லியிருந்தால், செய்யாத தவற்றுக்கு அவன் தலையாட்டியிருப்பான்.

தையல்காரி பார்வதி, குட்லண்ட்ஸ் — மார்ச் 9, இரவு 7.40

இப்போது எனக்குப் புரிகிறது. இது என் தொழிலில் தினமும் நடப்பது. துணி நாடா பழசானால் இழுபட்டு நீளும். அதில் எதை அளந்தாலும் அளவு குறைத்துத்தான் காட்டும், ஆனால் பாதி பாதியாகவே இருக்கும், கால் காலாகவே இருக்கும். அதே நாடாவில் முனைத் தகடு கழன்று ஒரு துண்டு போய்விட்டால் கதை வேறு. பாவாடை நீளத்தில் அது தெரியாது. கைப்பட்டையில் தெரியும், கழுத்தில் தெரியும். சின்ன அளவைத்தான் அது கெடுக்கும்.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 9, இரவு 8.05

பார்வதி அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலோரப் பையனின் மஞ்சள் 0.03 தான் கூடியது, நீலம் 0.09 கூடியது. அடிக்கோட்டுக்கு அருகில் இருக்கும் பொட்டைத்தான் அது அதிகம் கெடுக்கிறது. விடைகளைப் பார்க்கும்போது கீழ்ப்பொட்டை முதலில் பாருங்கள்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 9, இரவு 10.30

சடைப் பெண்ணின் தாள். மிச்சம் 0.26, 0.47, 0.79. வகுத்தால் 1.04, 1.04, 1.05. எல்லாம் ஒன்றுக்கு மேல், அதாவது அவளுடைய முழு நீளம் 76 ஐவிடக் குறைவு. மேல்பொட்டின் 1.04 ஐ எடுத்தால் 73 வருகிறது, கீழ்ப்பொட்டின் 1.05 ஐ எடுத்தால் 72.4 வருகிறது. ஏறத்தாழ 3 அல்லது 4 மி.மீ. குறைத்து அளந்திருக்கிறாள்.

அவளுடையது புதிய பிளாஸ்டிக் கோல், ஒளி ஊடுருவுவது. என் மேசையில் அதே வகைக் கோல் ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். கோலின் விளிம்புக்கும் பூஜ்ஜியக் கோட்டுக்கும் இடையே 4 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது. விளிம்பை அடிக்கோட்டில் வைத்தால் மஞ்சள் 53, சிவப்பு 38, நீலம் 15, கரைப்பான் 72 என்று படிப்போம். வகுத்துப் பார்த்தேன்: 0.74, 0.53, 0.21. அவள் எழுதிய அதே மூன்று எண்கள்.

கத்ர்போர்ன் சரவணன் — மார்ச் 10, காலை 8.00

ஒப்புக்கொள்கிறேன், மடங்குத் தவறும் கூட்டல் தவறும் ஒன்றல்ல. எல்லாம் அடிபடும் என்று நான் எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் ஒரு கேள்வி. 1.04 இலிருந்து 73, 1.05 இலிருந்து 72.4 என்று எண்கள் ஆடுகின்றனவே. பிள்ளைகளை மூன்று தசம இடங்கள் எழுதச் சொன்னால் இந்த ஆட்டம் இருக்காது அல்லவா? கணிப்பானில்தான் பத்து இலக்கம் வருகிறதே.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 10, மதியம் 1.20

தம்பி, கணிப்பானுக்கு அளவுகோலைத் தெரியாது. மில்லிமீட்டர் கோடுள்ள கோலில் கவனமாகப் படித்தாலும் அரை மி.மீ. இப்படியோ அப்படியோ இருக்கும். நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18.5 ஐ 76.5 ஆல் வகுத்தால் 0.24. 19.5 ஐ 75.5 ஆல் வகுத்தால் 0.26. இரண்டாவது தசமத்திலேயே ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். மூன்றாவது இலக்கத்தை எழுதினால், அந்தப் பிள்ளை அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்கிறது. மதிப்பெண் போடும்போது சரியான விடைக்கு 0.01 மேலும் கீழும் விட்டுக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

தவற்றைத் துப்பறிய வேண்டுமானால் தூரங்களை எழுதச் சொல்லுங்கள். அதில் எல்லாம் இருக்கிறது.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 10, இரவு 9.00

ஐயா சொன்ன கணக்கை மஞ்சளுக்கும் போட்டேன். 56.5 ஐ 76.5 ஆல் வகுத்தால் 0.74. 57.5 ஐ 75.5 ஆல் வகுத்தால் 0.76. அப்படியானால் சடைப் பெண்ணின் 0.74 ஏற்கத்தக்க எல்லைக்குள் வருகிறது. கோலைத் தவறாக வைத்து அளந்த விடை, ஆனால் எல்லைக்குள் இருக்கிறது. சிவப்பும் நீலமும் எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

மஞ்சளுக்கு மதிப்பெண் கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் கொடுத்திருக்கிறேன். அந்த எண்ணை மட்டும் பார்த்து யாரும் அவள் தவறினாள் என்று சொல்ல முடியாது.

கத்ர்போர்ன் சரவணன் — மார்ச் 10, இரவு 9.25

நான் கொடுக்க மாட்டேன். தவறு எங்கே என்று தெரிந்த பிறகு அதிர்ஷ்டத்துக்கு ஏன் மதிப்பெண்?

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 11, இரவு 8.45

நாளை நம் மொரீஷியஸின் சுதந்திர தின விடுமுறை, அதனால் இன்றிரவே மீதித் தாள்களை எடுத்துவிட்டேன்.

கடைசி வரிசைப் பையன்: 0.75, 0.50, 0.25. இதை இத்தனை நாள் எளிது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இரண்டு சரி, ஒன்று தவறு, சிவப்பை மட்டும் சாய்த்துப் படித்திருப்பான் என்று நினைத்தேன். இன்று தாளைத் திருப்பினால் பின்பக்கம் மூலையில் பென்சிலால் 8, 6, 4, 2 என்று எழுதியிருக்கிறான். ஒரு கணம் விடைக்குறிப்பை எங்கோ பார்த்துவிட்டானோ என்று பட்டது. பிறகு விளங்கியது. விடைக்குறிப்பைப் பார்த்திருந்தால் 4.4 என்று எழுதியிருப்பான்.

அவன் 7.6 ஐ 8 ஆக்கியிருக்கிறான், 5.7 ஐ 6 ஆக்கியிருக்கிறான், 4.2 ஐ 4 ஆக்கியிருக்கிறான், 1.9 ஐ 2 ஆக்கியிருக்கிறான். எல்லாவற்றையும் முழுச் சென்டிமீட்டருக்குத் திருத்திவிட்டுப் பிறகுதான் வகுத்திருக்கிறான். மஞ்சளும் நீலமும் சரியாக வந்தது தற்செயல். அவற்றில் கரைப்பான் தூரமும் பொட்டுத் தூரமும் ஏறத்தாழ ஒரே மடங்கில் மேலே போயின. சிவப்பில் கரைப்பான் மேலே போக, பொட்டு கீழே வந்துவிட்டது.

அவனுக்கு இப்படி எழுதிக் கொடுக்கப் போகிறேன்: தூரங்களை மில்லிமீட்டர் வரை எழுது, அப்படியே வகு, கடைசி விடையை மட்டும் இரண்டு தசமத்துக்குத் திருத்து. 0.5526 என்று கணிப்பானில் வந்தால் 0.55.

ஏழு பேரில் ஒருவள் 0.5526315789 என்று முழுவதையும் எழுதியிருந்தாள். அவளுக்கும் ஒரு குறிப்பு.

க்யூர்பிப் அப்பா — மார்ச் 12, காலை 10.10

விடுமுறையில் இதைப் படிக்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். மழை காரணமாக மகள் வகுப்புக்குப் போகவில்லை. தோழி இதே பயிற்சித்தாளைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். மகள் படத்தைப் பெரிதாக்கித் திரையின் மேலேயே கோலை வைத்து அளந்தாள். மஞ்சள் 0.79, சிவப்பு 0.60, நீலம் 0.29. படம் பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் மாறாது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் மாறியது? அவள் கோலைப் பூஜ்ஜியத்தில் வைத்துத்தான் அளந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 12, காலை 11.30

மிச்சத்தை வகுத்துப் பார்த்தேன். 0.84, 0.89, 0.95. ஒரே எண் வரவில்லை. அதனால் தொடக்கம் தவறவில்லை என்று நீங்கள் சொல்வது சரியாகத்தான் தெரிகிறது. ஐயா வரட்டும்.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 12, மாலை 4.00

தோழி தாளை மேசையில் வைத்து, உட்கார்ந்தபடியே சாய்வாகப் படம் எடுத்திருப்பாள். துண்டின் கீழ்ப்பகுதி கேமராவுக்கு அருகில், மேல்பகுதி தொலைவில். ரயில் தண்டவாளம் தூரத்தில் குறுகித் தெரிவது போலக் கீழே உள்ள ஒரு செ.மீ. பெரிதாகவும் மேலே உள்ள ஒரு செ.மீ. சிறிதாகவும் தெரியும். மடங்கு ஒன்றல்ல, இடத்துக்கு இடம் மாறுகிறது, அதனால் விகிதம் கெடுகிறது.

நகல் எந்திரம் முழுத் தாளையும் ஒரே மடங்கில் சுருக்கியது, அதனால் தப்பித்தோம். படம் எடுத்தால் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். தாளின் எதிரெதிர் ஓரங்கள் படத்தில் இணையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பக்க ஓரங்கள் மேலே போகப் போக நெருங்கினால் அந்தப் படத்தில் அளக்க வேண்டாம்.

க்யூர்பிப் அப்பா — மார்ச் 12, இரவு 7.15

பார்த்தேன். மேலே நெருங்குகின்றன.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 13, இரவு 9.30

ஒரு பிள்ளை தாமதமாகக் கொடுத்தது: 0.68, 0.50, 0.23. பழக்கத்தில் மிச்சத்தை எடுத்து வகுத்தேன். 1.28, 1.11, 1.03, ஒத்துவரவில்லை. பிறகு விடையை விடையாலேயே நேராக வகுத்தேன். 0.91, 0.91, 0.92. ஒரே மடங்கில் குறைந்திருக்கிறது. அப்படியானால் பொட்டுகளைச் சரியாக அளந்துவிட்டுக் கரைப்பான் தூரத்தை மட்டும் கூட எடுத்திருக்கிறது. 76 ஐ 0.91 ஆல் வகுத்தால் 83.5. துண்டின் மேல் விளிம்பு அடிக்கோட்டிலிருந்து 84 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கரைப்பான் கோட்டை விட்டுவிட்டுத் தாளின் உச்சி வரை அளந்திருக்கிறது பிள்ளை.

இதை நான் பெரிதாக எடுக்கக் காரணம், உண்மைச் சோதனையில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். துண்டை வெளியே எடுத்தவுடன் கரைப்பான் ஏறிய இடத்தில் பென்சிலால் குறிக்காவிட்டால், நம் ஊர் வெயிலில் அது உலர்ந்து போகும். பிறகு எல்லையே தெரியாது. தெரியாதபோது பிள்ளைகள் தாளின் உச்சியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 14, காலை 7.00

எங்கள் ஆய்வகத்தில் சில நாள் கரைப்பான் எல்லையே இருக்காது, வேண்டுமென்றே அப்படி விடுவோம். சர்க்கரைகள் தாளில் மிக மெதுவாக நகரும். குளுக்கோசும் பிரக்டோசும் பிரிய வேண்டுமானால் கரைப்பானை மேலிருந்து கீழே ஓடவிட்டு, தாளின் நுனியிலிருந்து சொட்டிப் போகும்வரை விடுவோம். எதால் வகுப்பது? அதே தாளில் பக்கத்தில் தூய குளுக்கோஸ் ஒரு பொட்டு வைத்து, மற்றதன் தூரத்தைக் குளுக்கோசின் தூரத்தால் வகுப்போம். பொட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. அனிலின் தாலேட் தெளித்து அடுப்பில் சூடாக்கினால் பழுப்பாக எழும்பும். அந்தப் பழுப்பு மெல்ல எழும்புவதைக் காண எத்தனை முறை கதவைத் திறந்து பார்த்திருப்பேன்.

க்யூர்பிப் அப்பா — மார்ச் 14, மதியம் 12.40

ஐயா, அப்படியானால் இதற்கும் விடை சொல்லுங்கள். மகள் வீட்டில் எழுதுகோல் மையை வைத்து உண்மையாகவே செய்து பார்த்தாள். நீலம் 0.62 வந்தது. போர்ட் லூயிஸில் இருக்கும் அவளுடைய அத்தை மகன் அதே எழுதுகோல், அதே வகைத் தாள், அதே உப்புத் தண்ணீரில் செய்தான், 0.68 வந்தது. இருவரும் தூரங்களை எழுதியிருக்கிறார்கள், அளவில் தவறு இல்லை.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 14, இரவு 8.10

அரை மி.மீ. ஆட்டத்தால் 0.06 வராது. க்யூர்பிப் குளிர், ஈரம், போர்ட் லூயிஸ் வெப்பம். தாள் காற்றிலிருந்து உறிஞ்சும் ஈரமும் வெப்பநிலையும் இந்த மதிப்பை மாற்றும். பாத்திரத்தை மூடினார்களா, உள்ளே ஆவி நிறைந்த பிறகு தாளை இறக்கினார்களா என்பதும் மாற்றும். இருவரும் எவ்வளவு உப்புப் போட்டார்கள் என்று கேட்டீர்களா?

க்யூர்பிப் அப்பா — மார்ச் 14, இரவு 8.35

ஒரு சிட்டிகை. இருவருக்கும் சிட்டிகைதான்.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 14, இரவு 9.00

இருவருடைய சிட்டிகையும் ஒன்றல்ல. தராசில் நிறுத்துப் போட்டால்தான் ஊரைக் குறை சொல்லலாம். இப்போதைக்கு இருவரும் ஒரே தாளில் தெரிந்த சாயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, அதோடு ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 15, மாலை 5.20

தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலோரப் பையன் தன் கோலின் தேய்ந்த முனையில் ஒரு வெள்ளை ஒட்டுத்துண்டு ஒட்டி அதன்மேல் "1 கழி" என்று எழுதிக்கொண்டான். சடைப் பெண் மஞ்சளுக்கு மதிப்பெண் கிடைத்ததைப் பார்த்து, இது சரியில்லையே என்று அவளே கேட்டாள். என்ன பதில் சொல்வது என்று எனக்கு உடனே தெரியவில்லை. சரவணன், உங்கள் பக்கம் இன்னோர் ஆள் சேர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் மிட்டாய்ச் சாயத்தை வைத்து உண்மைத் துண்டுகளில் செய்யப் போகிறோம். முன்னோட்டமாக நேற்று நானே ஒன்று செய்தேன். பச்சை மிட்டாய், மஞ்சளும் நீலமுமாகப் பிரிந்தது. மஞ்சள் உருண்டையாக இருக்கிறது, அதன் நடுவை அளந்துவிட்டேன். ஆனால் நீலம் தலை பருத்து, கீழே 11 மி.மீ. வரை வால் விட்டிருக்கிறது. மொத்தப் பட்டையின் நடுவை எடுத்தால் 0.71, நிறம் அடர்ந்திருக்கும் இடத்தை எடுத்தால் 0.76.

பழைய ஆய்வகத்தார் — மார்ச் 15, இரவு 7.30

அடர்ந்த இடம். சாயத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பொட்டை அதிகம் ஏற்றியிருப்பீர்கள், அடுத்த முறை ஊசிமுனை அளவு வைத்து, உலரவிட்டு, மறுபடி வையுங்கள். வால் குறையும்.

கத்ர்போர்ன் சரவணன் — மார்ச் 15, இரவு 8.15

தேர்வில் பொட்டின் நடு என்றுதான் எதிர்பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு விதி சொன்னால் குழம்புவார்கள்.

ரோஸ்ஹில் வாணி — மார்ச் 15, இரவு 9.50

ஊசிமுனை அளவில் மூன்று முறை வைத்து மறுபடி ஓட்டினேன். வால் 4 மி.மீ. ஆகக் குறைந்துவிட்டது. இப்போது நடுவை எடுத்தால் 0.74, அடர்ந்த இடத்தை எடுத்தால் 0.75. பிள்ளைகளுக்கு ஊசியும் பொறுமையும் கொடுக்கப் போகிறேன். முதல் துண்டை அப்படியே உலர்த்தி வைத்திருக்கிறேன், அதற்கு எந்த எண்ணை எழுதுவது என்று அவர்களே வாதாடட்டும்.